ஒன்பது காரட் பொன்னும் முக்கோணத்தின் குறுக்குக் கோடும்

கோவில்பட்டியில் ஒரு நகைப் பட்டறையில், ஒன்பது காரட் கம்பி அச்சில் இழுபடும்போதே மீண்டும் மீண்டும் முறிவதைக் கண்ட இளம் பத்தர் ஒருவர், பொன், வெள்ளி, செம்பு மூன்றுக்கும் உரிய முக்கோண வரைபடத்தை என்முன் விரித்துவைத்தபோது அவர் இடறிய இடமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதலில் படத்தின் தலைப்பை வாசியுங்கள்: எந்த உஷ்ணநிலைக்கு உரியது, எடை வீதமா, அணு வீதமா என்பவை அங்கே இருக்கும். பொன் 37.5, வெள்ளி 41, செம்பு 21.5 என எடையில் கலந்த நம் உலோகம் அணுக் கணக்கில் பொன் ஏறத்தாழ 21 ஆகிவிடுமாதலால், தலைப்பைப் பாராமல் புள்ளி வைத்தவன் வேறொரு கலவையையே ஆராய்கிறான்.

புள்ளி வைப்பது எளிது. ஒவ்வொரு முனையின் அளவையும் அதற்கு எதிர்ப்பக்கத்திற்கு இணையான கோடுகளில் எண்ணி, மூன்றும் நூறு ஆகின்றனவா என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

பொன் மற்ற இரண்டோடும் இசைந்து கரையும். வெள்ளியும் செம்பும் ஒன்றையொன்று ஓரளவே ஏற்கும். ஆகையால் வெள்ளி-செம்புப் பக்கத்திலிருந்து பொன் முனையை நோக்கி இரு நிலைகள் சேர்ந்து வாழும் பிரதேசம் ஒன்று நாக்குப்போல் நீள்கிறது. 22 காரட் கலவை அதற்கு வெகுதூரத்தில் இருப்பதால் அங்கே கவலையில்லை. நம் புள்ளியோ அதற்குள்ளே விழுகிறது.

இங்கேதான் அந்தப் பத்தர் தவறினார். பொன் 37.5 என்ற கோட்டையே இடமும் வலமும் நீட்டி, அது எல்லையைத் தொட்ட இரு இடங்களையும் இரு நிலைகளின் சேர்க்கையென்று கொண்டார். அவ்விதம் கொள்ளலாகாது. இருநிலைப் பிரதேசத்தில் பரிசோதனையால் கண்டு வரையப்பட்ட இணைப்புக் கோடுகளே நமக்குப் பிரமாணம். அவை பக்கத்துக்கு இணையாய் இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. கோடு வரையாத படத்தில் ஊகித்துக் கணக்கிடுவதை நான் அனுமதிப்பதில்லை. நம் புள்ளியின்மேல் செல்லும் கோட்டைக் கண்டு, அதன் மேல் கறுப்பு நூலொன்றை இழுத்துப் பிடியுங்கள். அடிக்கோலைவிட நூலே உத்தமம், ஏனெனில் அது புள்ளியை மறைப்பதில்லை.

உதாரணத்துக்காக ஒரு முனை பொன் 36, வெள்ளி 52, செம்பு 12 என்றும், மறுமுனை பொன் 42, வெள்ளி 8, செம்பு 50 என்றும் வைத்துக்கொள்வோம். வெள்ளியை மட்டும் எடுத்தால் 52க்கும் 8க்கும் இடையே தூரம் 44. செம்பு மிகுந்த முனையிலிருந்து நம் 41 வரை 33. ஆகவே வெள்ளி மிகுந்த நிலை முக்கால் பங்கு, மற்றது கால் பங்கு. செம்பைக்கொண்டும் கணக்கிடுங்கள்: 50க்கும் 12க்கும் இடைவெளி 38, 50லிருந்து 21.5 வரை 28.5, அதுவும் முக்காலே. இரண்டும் ஒவ்வாவிடில் புள்ளி கோட்டில் இல்லையென்று அறியலாம்.

உலோகம் ஆறும்போது புள்ளி நகர்வதில்லை, பிரதேசமே விரிகிறது. ஆதலால் அதிக உஷ்ணநிலைக்குரிய இன்னொரு வெட்டை எடுத்து அதே புள்ளியைப் பாருங்கள். அங்கே அது பிரதேசத்துக்கு வெளியே நின்றால், அவ்வுஷ்ணத்தில் காய்ச்சி உடனே நீரில் அமிழ்த்துவது ஒரே நிலையை ஏறக்குறைய அப்படியே நிறுத்திக் கம்பியை மிருதுவாக்கும். மெல்ல ஆறவிட்டாலோ இரண்டாம் நிலை பிரிந்து கடினமாகும். அங்கும் புள்ளி உள்ளேயே இருந்தால், நீரில் அமிழ்த்திப் பயனில்லை. மூசையில் வெள்ளி-செம்பு விகிதத்தையே மாற்ற வேண்டும்.