மூன்று நொடியில் திணறும் கேமரா

கேள்வி: வேடந்தாங்கலில் மஞ்சள்மூக்கு நாரை கூட்டில் இறங்குவதைத் தொடர்ச்சியாக எடுக்கிறேன். நொடிக்கு 10 படம் எடுக்கும் 24 மெகாபிக்சல் கேமரா; ரா, ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். மூன்று நொடியில் வேகம் விழுந்துவிடுகிறது. கார்டில் 170 எம்பி என்று போட்டிருக்கிறதே, கேமரா பழுதா?
- ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: பழுது இல்லை. எடுத்த படங்கள் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேர்கின்றன. தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். மேலே குழாய் பெரிது, கீழே துவாரம் சிறிது என்றால் தொட்டி நிரம்பத்தானே செய்யும்?

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரா படம் சுமார் 28 எம்பி, ஜேபெக் 10 எம்பி. நொடிக்கு 10 படம் என்றால் 380 எம்பி உள்ளே வருகிறது. கார்டில் உள்ள 170 என்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் அதற்கென்றே உள்ள ரீடரில் கிடைப்பது. எழுதும் வேகம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். பஃபர் 1000 எம்பி என்றால் மூன்று நொடி சொச்சத்தில் நிரம்பிவிடும். அதற்குமேல் கார்டு எழுதி இடம் விட்டால்தான் அடுத்த படம்; அதனால்தான் நொடிக்கு இரண்டுகூட வருவதில்லை. விரலை எடுத்தாலும் முழுவதும் காலியாக 14 நொடி ஆகும். கார்டு விளக்கு எரியும்வரை கார்டையோ பேட்டரியையோ கழற்றிவிடாதீர்கள், படங்கள் போய்விடும்.

செலவில்லாத வழி, ஜேபெக்கை நிறுத்திவிட்டு ரா மட்டும் எடுப்பது. அப்போது ஏறக்குறைய ஐந்து நொடி கிடைக்கும். மெனுவில் ரா சுருக்கப்படாததாக இருந்தால், தரம் குறையாத சுருக்கத்துக்கு மாற்றுங்கள்; ஒவ்வொரு கோப்பும் கணிசமாகச் சிறிதாகும். ஜேபெக் மட்டும் எடுத்தால் அரை நிமிடம்கூட ஓடும். ஆனால் நாரையின் வெள்ளை இறகு வெயிலில் வெளுத்துப்போனால் ராவில் மீட்கக்கூடிய விவரம் ஜேபெக்கில் கிடைக்காது. அதனால் பறவைப் படத்துக்கு ஜேபெக் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கார்டு மாற்றுவதாக இருந்தால் முதலில் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். யுஎச்எஸ்-2 கார்டின் பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். கேமராவின் துளையும் அந்த வகையாக இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய வேகத்திலேயே எழுதும், காசு வீண். துளை பொருந்தி, எழுதும் வேகம் 200 எம்பி கிடைத்தால், ரா மட்டும் எடுக்கும்போது 12 நொடி தாண்டும், ஐந்தே நொடியில் காலியாகும். வி30 என்ற குறி நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்ற வீடியோ உத்தரவாதம் மட்டுமே; அதை வைத்து இதற்குக் கார்டு வாங்காதீர்கள்.

கேமராவில் இரண்டு கார்டு போட்டு, இரண்டிலும் ஒரே படத்தைப் பதியும்படி வைத்திருந்தால், மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். புதிய கார்டை வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்: கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஷட்டர் வேகத்தை 1/1000க்கு வைத்து, மரக்கிளை போல நுணுக்கம் நிறைந்த காட்சியைப் பார்த்து அழுத்திப் பிடியுங்கள். வேகம் விழும்வரை வந்த படங்களை எண்ணுங்கள், பிறகு விளக்கு அணைய எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கார்டிலும் இதையே செய்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.