அப்பாவின் உயிலுக்கு நான் எக்ஸிகியூட்டராக இருக்க மறுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. கும்பகோணத்தில் ஒரு வீடும், வாடகைக்கு விட்ட இரண்டு கடைகளும் இருக்கின்றன. அவை இரு அண்ணன்களுக்கும், மீதமுள்ள எல்லாமும் அவர்களுக்கே என்று உயில் எழுதியிருக்கிறார். எனக்கு 20 லட்ச ரூபாய் வைப்புத்தொகை. என்னையே எக்ஸிகியூட்டராகவும் போட்டிருக்கிறார். கடை வாடகையைப் பங்கிடுவதில் அண்ணன்கள் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். நான் புனேயில் இருக்கிறேன். இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். ஒரு வக்கீலை நியமிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்பா மனம் நோகாமல் எப்படி எழுதுவது? அல்லது, காலம் வரும்போது விலகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அப்பா இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் மனநிலையைவிடப் பெரிய காரணம் சட்டத்தில் இருக்கிறது.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 141ஆம் பிரிவின்படி, எக்ஸிகியூட்டராக நியமிக்கப்பட்டவருக்கு அதே உயிலில் ஏதேனும் எழுதி வைத்திருந்தால், அவர் அந்த உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அல்லது பொறுப்பை ஏற்கும் எண்ணத்தை வேறு வகையில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு எழுதியது கிடைக்காது. அப்பா காலமான பிறகு நீங்கள் விலகினால், அந்த 20 லட்சம் மீதிச் சொத்தோடு சேர்ந்து அண்ணன்களுக்குப் போய்விடலாம். ‘மகள் என்பதற்காகத்தான் கொடுத்தார், வேலைக்காக அல்ல’ என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் எந்தச் சண்டைக்கு நடுவில் நிற்க வேண்டாம் என்று விலகினீர்களோ, அதிலேயே ஒரு கட்சியாகிவிடுவீர்கள்.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். அண்ணன்களின் குறைகளை அதில் அடுக்க வேண்டாம். நாளை அவர்கள் கையிலும் அது கிடைக்கலாம். இந்த மாதிரி இருக்கட்டும்:

‘அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது என் மேல் உள்ள நம்பிக்கையால் என்று தெரியும். ஆனால் அதை என்னால் ஏற்க முடியாது. நான் இருப்பது தூரத்தில். உயிலில் எனக்கும் பங்கு இருப்பதால், நான் எதைச் செய்தாலும் அண்ணன்களில் ஒருவருக்குச் சந்தேகம் வரும். வெளியார் ஒருவர் கணக்குக் காட்டினால் மூவரும் கேட்டுக்கொள்வோம். உங்களுக்குச் சம்மதமானால், நம் குடும்பத்தில் யாருக்கும் வழக்கு நடத்தாத ஒரு வக்கீலை நியமியுங்கள். யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு எழுதியிருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கேட்கவில்லை.’

ஆளை அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும் என்கிற வரியை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் கைகாட்டிய வக்கீல் என்றால், அவரையும் உங்கள் ஆள் என்றுதான் அண்ணன்கள் பார்ப்பார்கள்.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடியாது. உங்கள் கடிதத்தாலோ, ‘சரிம்மா’ என்று அப்பா சொல்வதாலோ உயில் மாறாது. அவர் புது உயில் எழுத வேண்டும், அல்லது எக்ஸிகியூட்டரை மட்டும் மாற்றி ஓர் இணைப்பு உயில் எழுத வேண்டும். எதுவானாலும் அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் முதல் உயில் பதிவானது என்றால் இதையும் பதிவு செய்வதே நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுப்பவர் கண்ணில் பழையது மட்டும் பட்டால் குழப்பம்தான்.

வக்கீல் அலுவலகத்தின் பெயரை எழுதாமல், ஆளின் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அரசு விதிகளுக்கு உட்பட்ட கம்பெனி தவிர, பலர் சேர்ந்த அமைப்புக்கு நீதிமன்றம் புரோபேட் தருவதில்லை. அப்பாவைவிட வயதில் மிகவும் இளையவராகப் பார்ப்பதும், அவரால் முடியாமல் போனால் யார் என்று இன்னொரு பெயரையும் எழுதிவைப்பதும் அவசியம். முன்கூட்டியே அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் உங்களைப் போலவே மறுக்கலாம்.

கட்டணத்தையும் உயிலிலேயே தெளிவாக எழுத வேண்டும்: மொத்தமாக எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து, நீதிமன்றச் செலவு அதில் அடக்கமா, தனியா என்று. எக்ஸிகியூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு 309ஆம் பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொகை எழுதப்படாவிட்டால் பிறகு பேரமும் மனத்தாங்கலும் வரும்.

உயில் மாறுவதற்கு முன்பே அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவசரப்பட்டு மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 230ஆம் பிரிவின்படி எழுத்திலோ நீதிபதி முன் வாய்மொழியாகவோ ஒருமுறை விலகினால், பிறகு புரோபேட் கேட்கவே முடியாது. அண்ணன்கள் யாராவது தாளை நீட்டினாலும், உங்கள் 20 லட்சம் என்னவாகும் என்று தனி வக்கீல் ஒருவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.