வாழைக்கு வாஷிங் மெஷின் தண்ணீர்

வாஷிங் மெஷினின் முதல் தண்ணீரைச் சாக்கடைக்கே விடுங்கள். சோப்பு அதில்தான் அதிகம். கடைசி அலசல் தண்ணீரை வாளியில் பிடித்து, அன்றைக்கே வாழை, தென்னையின் தூரில் ஊற்றலாம். கீரைக்கு வேண்டாம். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரும் வேண்டாம்.

சலவைத்தூளில் இருக்கும் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். மண்மேல் வெள்ளைப் படலம் பூத்தால், ஊற்றிய தண்ணீர் இறங்காமல் தேங்கினால், இலை ஓரம் கருகினால் உடனே நிறுத்துங்கள். நல்ல தண்ணீரைத் தாராளமாக இரண்டு மூன்று முறை பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். வெண்காரம் கலந்த தூளோ பிளீச்சோ போட்ட நாளில் ஒரு சொட்டும் செடிக்குப் போகக் கூடாது. வெண்காரத்திலுள்ள போரான் மண்ணில் தங்கிச் செடிக்கு நஞ்சாகும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றலாம். எண்ணெய்ப் பாத்திரம் துலக்கிய தண்ணீர் மண்ணை அடைத்து நாறும்.