பேரமா, கணக்கா? கரட் மூட்டையில் ஒரு பாடம்

லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் என்று ஏதாவது ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும். பாடுபட்டு வளர்ப்பதைவிட, அறுவடை நாளில் லொறி முதலாளியோடு விலை பேசுவதுதான் பெரும் பாடு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்த இதழ்ப் பாடம் அந்த விலைப் பேச்சைப் பற்றியது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அக்கா ஒருவர் 6 மூட்டை கரட் பிடுங்கி, கழுவி, ரோட்டோரம் வைத்திருக்கிறார். லொறி வந்து நிற்கிறது.

"என்னா தங்கச்சி, கிலோ 90 போட்டுக்கலாமா?"

"90-ஆ? டவுன்ல என்னா விலை விக்கிதுன்னு எங்களுக்குத் தெரியாதா முதலாளி? 150 குடுங்க."

"150 குடுத்தா நான் லொறிய வித்துட்டுப் போக வேண்டியதுதான். மூட்டைக்கு 3 கிலோ கழிவும் இருக்கு."

"கழுவி வச்ச கரட்ல என்னா கழிவு?"

அரை மணி நேரம் இப்படியே போகும். கடைசியில், "சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்று 90-க்கும் 150-க்கும் நடுவில் 120-இல் முடிப்பார்கள். கழிவு முதலாளி சொன்னபடியே 3 கிலோ. இருவருக்கும் மனத்தாங்கல். அடுத்த வாரம் மீண்டும் அதே சண்டை.

நடுவில் முடிப்பது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலாளி 90-க்குப் பதிலாக 70 என்று ஆரம்பித்திருந்தால் நடுவிலை 110 ஆகியிருக்கும். கரட் அதே கரட். யார் கூசாமல் எட்டத்தில் போய் நிற்கிறாரோ அவருக்குத்தான் நடுவிலை சாதகம். அடுத்த முறை அக்காவும் 200 என்று ஆரம்பிப்பார். இதனால்தான் பேரம் வாரத்துக்கு வாரம் நீளுகிறது.

எந்தக் கணக்கில் இந்த விலை?

பேச்சுவார்த்தை பற்றி அமெரிக்காவின் ரொஜர் ஃபிஷர், வில்லியம் யூரி என்ற இருவர் 1981-இல் எழுதிய நூல் ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. அதில் உள்ள ஒரு முக்கியமான வழி இது: உன் விலையா, என் விலையா என்று மோதாமல், இருவரின் கைக்கும் அப்பால் உள்ள ஒரு அளவுகோலை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். விலை அந்த அளவுகோலிலிருந்து தானாக வரட்டும்.

இது நமக்குப் புதிதல்ல. சிறு தேயிலைத் தோட்டக்காரர் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் நின்று பேரம் பேசுவதில்லை. கொழும்பு ஏலத்தில் அந்தத் தொழிற்சாலையின் தூளுக்குக் கிடைத்த சராசரி விலையை வைத்துக் கொழுந்து விலை கணக்கிடப்படுகிறது. ஏலம் ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கரட்டுக்கும் அதுபோல ஒரு கணக்கை வைத்துக்கொள்ள முடியும்.

அதற்கு அக்கா கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "முதலாளி, 90-ன்னு எந்தக் கணக்குல சொல்றீங்க?" இது சண்டைக்கு இழுக்கும் கேள்வி அல்ல. அவரிடம் நியாயமான காரணம் இருந்தால் அதை வெளியே கொண்டுவரும். லொறிக் கூலி, இறக்கு கூலி, கமிஷன் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். அக்காவும் தன் 150-க்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதலில் சந்தை விலை. டவுன் கடைப் பலகையில் உள்ளது சில்லறை விலை. அதை முதலாளியிடம் கேட்பது நியாயமாகாது. அவர் கொண்டுபோய்ப் போடும் இடத்து மொத்த விலைதான் பொருந்தும். நம் உதாரணத்தில் அது நுவரெலியா பொருளாதார மத்திய நிலையம் என்று வைப்போம். முதல் நாள் மாலை, அங்கே உள்ள 3 கடைகளில் முதல் தரக் கரட்டின் விலையைத் தொலைபேசியில் கேட்கிறார்கள். 150, 160, 165 என்று பதில் வருகிறது. அதிகமானதையும் குறைவானதையும் விட்டு நடுவில் உள்ள 160-ஐ எடுக்கிறார்கள். யாராவது ஒரு கடைக்காரர் கூட்டியோ குறைத்தோ சொன்னாலும் நடு விலை அவ்வளவாக அசையாது.

அடுத்தது செலவு. அந்தப் பயணத்துக்கு லொறி வாடகை எவ்வளவு என்று வேறு 2 லொறிக்காரரிடம் கேட்கிறார்கள். 1,000 கிலோ ஏற்றினால் 6,000 ரூபாய் என்றால் கிலோவுக்கு 6 ரூபாய். இறக்கு கூலி 2 ரூபாய். முதலாளியின் உழைப்புக்கும் நட்ட பயத்துக்கும் கமிஷன் வேண்டும். அங்குள்ள கடைகள் எடுக்கும் வீதத்தையே இதற்கும் வைக்கலாம். அது நூற்றுக்கு 10 என்று கொண்டால் 16 ரூபாய். மொத்தம் 24. 160-இல் 24 போனால் கிலோ விலை 136 ரூபாய்.

இனிக் கழிவு. முதலாளி 3 கிலோ என்கிறார், அக்கா ஒன்றுமே இல்லை என்கிறார். வாய்ப்பேச்சால் இது தீராது. ஒரு மூட்டையை முதலாளி தெரிவு செய்யட்டும். அதை அவர் கண்முன்னே அக்கா கொட்டி, வெடித்தது, முறிந்தது, கிளை விட்டது எல்லாவற்றையும் பொறுக்கட்டும். மூட்டையைத் தெரிவு செய்வது ஒருவர், பொறுக்குவது மற்றவர் என்பதால் இருவருமே ஏமாற்ற முடியாது. 40 கிலோ மூட்டையில் 2 கிலோ கழிவு வந்தது என்று வைப்போம். ஆறு மூட்டைக்கு 12 கிலோ. வெறும் சாக்குகளை ஒன்றாகத் தராசில் போட்டால் 1 கிலோ. ஆக 240 கிலோவில் 13 போக 227 கிலோ. 136 ரூபாய்ப்படி 30,872 ரூபாய்.

பழைய முறையில் என்ன கிடைத்திருக்கும்? 18 கிலோ கழித்து, 222 கிலோவுக்கு 120 ரூபாய்ப்படி 26,640. வித்தியாசம் 4,232 ரூபாய். இந்த முறை அது அக்காவுக்குச் சாதகம். ஆனால் கழிவில் அக்கா சொன்னது எடுபடவில்லை என்பதையும் கவனியுங்கள். 2 கிலோ என்பது நடுவில் பிரித்து வந்ததல்ல, பொறுக்கிப் பார்த்து வந்தது. அடுத்த வாரம் அது அரைக் கிலோவாகவும் இருக்கலாம், 4 கிலோவாகவும் இருக்கலாம்.

விலை இறங்கும் வாரம்

இந்த ஒப்பந்தத்துக்கு உண்மையான சோதனை விலை விழும் வாரத்தில்தான். மத்திய நிலையத்தில் கரட் 90-க்கு வந்துவிட்டது என்று வைப்போம். கமிஷன் 9 ஆகக் குறையும். லொறிக் கூலியும் இறக்கு கூலியும் அதே 8 ரூபாய்தான். அக்காவுக்கு 73 ரூபாய். மனசு கேட்காது. ஆனாலும் ஏறும்போது கணக்கு, இறங்கும்போது பேரம் என்று நின்றால் முதலாளியும் அடுத்த ஏற்றத்தில் அதையே செய்வார்.

ஆகவே அளவுகோலை விலை தெரிவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நாற்றும் விதையும் மண்ணில் இருக்கும்போதே, எந்தச் சந்தை, எந்த நாள், எத்தனை கடை, எவ்வளவு கூலி என்று ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கலாம். விலை தெரிந்த பின் அளவுகோல் தேடினால், அவரவருக்கு லாபமான அளவுகோலையே ஆளாளுக்குத் தேடுவார்கள்.

எங்கே பிழைக்கும்?

முதலாளி மட்டும் தொலைபேசியில் பேசி, அவரே விலை சொன்னால் அது பொது அளவுகோல் ஆகாது. கடைகளை அக்காவும் கூப்பிட வேண்டும், அல்லது பத்திரிகையில் வரும் மொத்த விலையோடு ஒப்பிட வேண்டும். வாரா வாரம் முதலாளி சொல்லும் விலை மட்டும் குறைவாகவே இருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

தராசும் அப்படியே. வருடா வருடம் முத்திரை வைத்த தராசா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றைத் தூக்கி வைத்தாலே வண்டவாளம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது கடன். விதைக்கும் உரத்துக்கும் முதலாளியிடமே முன்பணம் வாங்கியிருந்தால், "கணக்கு சரியில்லன்னா வேற லொறிக்குப் போடுறேன்" என்று அக்காவால் சொல்ல முடியாது. வேறு வழி இல்லாதவருக்கு நல்ல அளவுகோலும் அரைப் பலம்தான். அதனால் கொப்பியில் கடனுக்கு ஒரு பக்கம், கரட்டுக்கு ஒரு பக்கம் வையுங்கள். முன்பணத்துக்காகக் கிலோ விலையைக் குறைக்க விடாதீர்கள். வட்டி வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கேட்டு, கடன் பக்கத்திலேயே எழுதட்டும். அப்போதுதான் அந்தக் கடனின் உண்மையான விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து 3, 4 குடும்பங்கள் சேர்ந்து லொறி நிறையச் சரக்கு வைத்திருந்தால் வேறு லொறியும் வரும். வேறு வழியும் பிறக்கும்.

முதலாளி எந்தக் கணக்குக்கும் சம்மதிக்காமல், "குடுத்தா குடு, இல்லாட்டி விடு" என்றால்? அப்போதும் கோபப்பட வேண்டாம். "நீங்க ஒரு கணக்கு சொல்லுங்க முதலாளி, சரியா இருந்தா ஏத்துக்குறேன்" என்று அதே இடத்தில் நில்லுங்கள். காரணத்துக்கு இறங்கலாம், அதட்டலுக்கு இறங்கக் கூடாது. கரட் மண்ணில் சில நாட்கள் பொறுக்கும். ஆகவே விலை பேசி முடிக்காமல் பிடுங்காதீர்கள். முற்ற விட்டால் வெடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிடுங்கிக் கழுவி ரோட்டோரம் வைத்த மூட்டைக்கு விலை பேசுகிறவர் பாதி தோற்றுவிட்டார்.

செய்து பாருங்கள்

பீட்ரூட் 5 மூட்டை, மொத்தம் 200 கிலோ. மூன்று கடைகளின் விலை 100, 110, 125. லொறிக் கூலியும் இறக்கு கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 8 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 10. சாக்குகள் 1 கிலோ. பொறுக்கிப் பார்த்த 40 கிலோ மூட்டையில் 1 கிலோ கழிவு. கைக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

விடை: கிலோ விலை 91 ரூபாய், நிறை 194 கிலோ, தொகை 17,654 ரூபாய்.