பத்து லட்சமா, பதினைந்து லட்சமா?

நிலத்தை வாங்குபவர் இப்போதே 10 லட்சம் தருகிறார். இல்லையென்றால் ஆண்டு முடிவில் 1 லட்சம் வீதம் 15 ஆண்டுகள் தருவாராம். 15 லட்சம்தானே லாபம்? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்! அந்தப் பதினைந்தும் ஒரே எடையுள்ள லட்சங்கள் அல்ல.

8% வட்டி கிடைப்பதாகக் கொள்வோம். இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 108. வட்டிக்கும் வட்டி சேர, அதற்கடுத்த ஆண்டு 116.64. இதுதான் கூட்டு வட்டி. இதையே திருப்பிப் போட்டால், வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு கிடைக்கும். ஓராண்டு கழித்து வரும் 1 லட்சத்தை 1.08-ஆல் வகுத்தால் 92,593 ரூபாய். இரண்டாம் ஆண்டுத் தவணையை இரண்டு முறை வகுக்க வேண்டும்: 85,734. பதினைந்தாவது தவணையோ வெறும் 31,524!

பதினைந்தையும் கூட்டினால் சுமார் 8.56 லட்சம்தான்.

நம்பிக்கை வரவில்லையா? 10 லட்சத்தை வாங்கி 8 சதவீதத்தில் போடுங்கள். முதலாண்டு வட்டி 80,000. 1 லட்சம் எடுத்தால் 9.8 லட்சம் மிச்சம். இப்படியே ஆண்டுதோறும் எடுத்தாலும், 15 ஆண்டு முடிவில் கணக்கில் சுமார் 4.57 லட்சம் நிற்கும். தவணைக்காரர் வாசலில் காத்திருக்கவும் வேண்டாம்.

வட்டி குறைந்தால் கணக்கு மாறும். 5% என்றால் தவணைகளின் மதிப்பு 10.38 லட்சம், சுமார் 5.56 சதவீதத்தில் இரண்டும் சமம். வங்கியில் அதற்கு மேல் கிடைத்தால் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.