புண்ணாக்கின் அடக்கவிலை எவ்வளவு?

இராஜஸ்தானத்தின் கடுகு விளையும் மாவட்டங்களில் இயங்கும் ஓர் எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்வோம். கடுகை ஆட்டினால் எண்ணெயும் புண்ணாக்கும் ஒருசேரக் கிடைக்கின்றன. கடுகின் விலையில் இவ்வளவு எண்ணெய்க்கு, இவ்வளவு புண்ணாக்குக்கு என்று எந்தச் சீட்டும் காட்டுவதில்லை. அந்தப் பங்கீட்டை நாம்தான் செய்ய வேண்டியுள்ளது.

கணக்கின் வசதிக்காகச் சில தொகைகளைக் கொள்வோம். 10,000 கிலோ கடுகின் விலை ரூ.6,00,000, ஆட்டும் செலவு ரூ.21,600; மொத்தம் ரூ.6,21,600. கிடைப்பது எண்ணெய் 3,500 கிலோ, புண்ணாக்கு 6,300 கிலோ. எஞ்சிய 200 கிலோ சேதாரம். எண்ணெய் கிலோ ரூ.140க்கும் புண்ணாக்கு ரூ.25க்கும் விலைபோனால் மொத்த வரவு ரூ.6,47,500, இலாபம் ரூ.25,900.

செலவை எடைப்படி பங்கிட்டால் இரண்டிற்கும் அடக்கம் கிலோவுக்கு ரூ.63.43 ஆகிறது. எண்ணெய் முழுவதும் விற்று, புண்ணாக்கு முழுவதும் கிடங்கில் இருக்கையில் ஆண்டு முடிவதாகக் கொள்வோம். ஏடு ரூ.2,68,000 இலாபம் காட்டும். கிடங்குச் சரக்கின் மதிப்பு ரூ.3,99,600 என்றும் சொல்லும். ஆனால் சந்தையில் அந்தப் புண்ணாக்கு ரூ.1,57,500க்கு மேல் பெறாது. இல்லாத இலாபத்தை நம்பி உரிமையாளர் பணம் எடுப்பார்; அதே மதிப்பை வங்கிக்குத் தரும் சரக்கு அறிக்கையில் எழுதினால், ஈட்டுச் சரக்கின் மதிப்பை மீறிக் கடன் பெற நேரும்.

விற்பனை மதிப்பின்படி பங்கிடுவது இதைத் தவிர்க்கும். இங்கு மொத்தச் செலவு மொத்த வரவில் 96 விழுக்காடு. ஆகவே எண்ணெயின் அடக்கம் ரூ.134.40, புண்ணாக்கின் அடக்கம் ரூ.24. கிடங்குச் சரக்கின் மதிப்பு ரூ.1,51,200 ஆகும்.

வரவில் ஏறத்தாழ கால்பங்கு புண்ணாக்கினுடையது என்பதால் அதை எண்ணெயோடு இணையான விளைபொருளாகவே கருதுகிறோம். வடிகட்டியில் தங்கும் கசடு போன்ற சிறுமதிப்புப் பொருள் உபபொருளாகும். அதற்குத் தனி அடக்கம் வேண்டியதில்லை. அது ஈட்டித்தரும் நிகரத் தொகையை முதன்மைப் பொருளின் செலவிலிருந்து கழித்தால் போதும். இவ்விரு முறைகளையும் இந்தியக் கணக்கியல் தரம் 2 ஏற்கிறது. எனினும் ஒரு முறையைத் தேர்ந்தபின் ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும்.

ஆயினும் இந்தப் பங்கீடு சரக்கை மதிப்பிடவே பயன்படும். அடுத்த சுமைக் கடுகை வாங்கலாமா என்பதை எண்ணெயின் அடக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. புண்ணாக்கு விலை ரூ.20க்கு இறங்கினால் இதே ஆட்டத்தில் வரவு ரூ.31,500 குறைந்து, ரூ.5,600 நட்டம் ஏற்படும். எனவே கடுகை வாங்குமுன் இரண்டு பொருள்களின் விலையையும் சேர்த்தே கணக்கிடுகிறோம்.