ங், ஞ்: எந்த எழுத்தோடு எந்த எழுத்து?

காக்ஸ் டவுன் தெருக்களில் கன்னடப் பலகைகளைப் படித்திருப்பீர்கள். கன்னடத்தில் கடைக்கு ‘அங்கடி’ என்றும், தபாலுக்கு ‘அஞ்செ’ என்றும் பெயர். இரண்டு சொற்களிலும் இரண்டாம் எழுத்தாக நிற்பது ‘சொன்னெ’ என்னும் ஒரே சுழிதான். ஆனால், ஒலி ஒன்றன்று. ககரத்திற்கு முன் அச்சுழி ‘ங்’ என ஒலிக்கும். சகரத்திற்கு முன் ‘ஞ்’ என ஒலிக்கும்.

தமிழில் அவ்வாறு ஒரு சுழியை இட முடியாது. எந்த ஒலியோ அந்த எழுத்தையே எழுத வேண்டும். ஆகவே அங்காடி, அஞ்சல் என எழுதுகிறோம்.

இன எழுத்துகள்

‘க்’ என்று சொல்லிப் பாருங்கள். நாவின் அடிப்பகுதி மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொடும். ‘ங்’ பிறக்கும் இடமும் அதுவே. ‘ச்’, ‘ஞ்’ ஆகிய இரண்டும் நாவின் நடுப்பகுதி நடு அண்ணத்தைத் தொடப் பிறக்கின்றன. ஓரிடத்தில் பிறப்பதால் இவற்றை இன எழுத்துகள் என்பர்.

ங் + க: தங்கம், சங்கு, பெங்களூரு
ஞ் + ச: மஞ்சள், பஞ்சு, ஊஞ்சல்

‘மன்சள்’, ‘தன்கம்’ என எழுதுவது பிழை.

இரண்டு பறவைகள்

மீன்கொத்தி என்னும் சொல்லில் ககரத்திற்கு முன் ‘ன்’ வந்துள்ளதே, அது பிழையா? அன்று. மீன் + கொத்தி எனப் பிரித்துப் பாருங்கள். முதற்சொல்லின் இறுதியில் உள்ள ‘ன்’ மாறாமல் நிற்கிறது.

மரங்கொத்தியைப் பிரித்தால் மரம் + கொத்தி என வரும். இங்கே முதற்சொல்லின் ‘ம்’, அடுத்து வரும் ககரத்திற்கு இனமான ‘ங்’ ஆகிவிட்டது. சகரம் வந்தால் ‘ஞ்’ ஆகும். சிவப்பைக் குறிக்கும் ‘செம்’ என்பது, கல்லோடு சேர்ந்து செங்கல் ஆகிறது. சிலுவையோடு சேர்ந்து செஞ்சிலுவை ஆகிறது.

ஆகவே, ‘ன்’ எழுதுவதா என ஐயம் எழுந்தால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘ன்’ இல் முடியும் முழுச்சொல் முன்னே கிடைத்தால் ‘ன்’ எழுதலாம். மஞ்சள், தங்கம் போன்றவற்றை அவ்வாறு பிரிக்க இயலாது.

உயிரோடு சேரும்போது

ஞகரம் சில சொற்களுக்கு முதலில் வரும்: ஞாயிறு, ஞாலம், ஞானம், ஞமலி (நாய்). தன்னோடு தானும் இணையும்: மஞ்ஞை (மயில்), விஞ்ஞானம். ஙகரமோ அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் போன்ற சில சொற்களில் மட்டுமே உயிரோடு சேர்ந்து வரும். அங்ஙனம் என்றால் அவ்வாறு என்று பொருள்.

பயிற்சி

அ. ங், ஞ் ஆகியவற்றுள் பொருந்துவதை எழுதுக.
1. ப__கு 2. நெ__சு 3. இ__சி 4. சு__கம்

ஆ. சேர்த்து எழுதுக.
1. படம் + கள் 2. தேன் + கூடு 3. செம் + கதிர் 4. செம் + சொல்

இ. உங்கள் தெருவில் ‘சொன்னெ’ உள்ள மூன்று கன்னடச் சொற்களைப் படித்து, அவற்றின் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுக. சுழி உள்ள இடத்தில் எந்த மெய்யெழுத்தை எழுதினீர்கள்? அடுத்து வந்த எழுத்து எது?